மஞ்சக்குப்பம் ஆயா ஸ்டிக்கர் பேக்: எங்க எங்க உடைஞ்சுது, எப்படி சரியாச்சு

2023 பொங்கலுக்கு கடலூர்ல எல்லாரும் ஒண்ணா கூடுனப்ப ஆரம்பிச்ச வேலை இது. எங்க ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயசு, மஞ்சக்குப்பத்துல பெரிய மாமா வீட்டுல இருக்கு, அது பேசுற பேச்சுதான் எங்க குடும்ப வாட்ஸப் குரூப்பே. யாராச்சும் லேட்டா வந்தா "வந்துட்டாரு தொரை", யாராச்சும் சாப்பிடாம இருந்தா "சாப்டுட்டியா", எதுக்கெடுத்தாலும் "போடா எரும". இத எல்லாம் அது மூஞ்சியோட ஸ்டிக்கரா போட்டா எப்படி இருக்கும்னு புதுச்சேரில லாஸ்பேட்டைல இருக்குற தம்பி கேட்டான், சரின்னு இறங்கிட்டோம். ரெண்டு வாரத்துல முடியும்னு நெனச்சது மார்ச் வரைக்கும் போச்சு. எங்க என்ன உடைஞ்சுது, ஏன் உடைஞ்சுதுன்னு முழுசா எழுதுறேன், சொந்தமா தமிழ்ல பேக் பண்ண நெனைக்கிற யாருக்கும் இதே இடத்துலதான் கால் இடறும்.

மொதல்ல தம்பி அவதார் பண்ணலாம்னுதான் சொன்னான். வாட்ஸப்ல அவதார் வந்தது 2022 டிசம்பர்ல, அப்ப புதுசு, முடி, கண்ணு, மூக்கு, டிரெஸ்னு ஒவ்வொண்ணா பொறுக்கி சேத்தா அதுவே 36 ஸ்டிக்கரா போஸ் குடுத்து தந்துச்சு. ஆயாவுக்கு ஒண்ணு பண்ணியும் பாத்தோம். பொம்மை அழகாதான் இருந்துச்சு, ஆனா அது வாட்ஸப் வச்சிருக்குற போஸத்தான் குடுக்கும், நம்ம வசனத்த அதுல எழுத முடியாது. ஆயா கைய ஆட்டி "போடா எரும"ன்னு சொல்றதுதான் எங்களுக்கு வேணும், ஹார்ட் விடுற பொம்மை வேணாம். அதனால போட்டோல இருந்து வெட்டி எழுத்து போடுற பழைய வழிக்கே வந்தோம்.

போட்டோ எடுத்தது திண்ணைல, பச்ச சுண்ணாம்பு அடிச்ச சுவத்துக்கு முன்னாடி உக்கார வச்சு. நாப்பது அம்பது எடுத்து, அதுல 26 தேறுச்சு. போன்லயே பேக்ரவுண்ட் ரிமூவ் பண்ற ஆப் ஒண்ணுல போட்டு வெட்டுனா ஆயாவோட நரச்ச முடி ஓரமா பச்சையா ஒரு கோடு ஒட்டிக்கிட்டே வந்துச்சு. சுவத்தோட நெறம் முடிக்கு நடுவுல புகுந்து கலந்திருக்கு, ஆப் அந்தப் பிக்சல பாதி முடி பாதி சுவருன்னு பாதி டிரான்ஸ்பரன்ட்டா விட்டுடும், அதான் காரணம். சின்னதா பாக்குறப்ப தெரியாது, கருப்பு பின்னணில வச்சா ஆயா தல சுத்தி பாசி புடிச்ச மாதிரி தெரியும். ஜிம்ப்ன்ற போட்டோ எடிட்டர்ல போட்டு ஓரத்த ரெண்டு பிக்சல் உள்ள இழுத்து வெட்டுனதும் போயிடுச்சு, முடி கொஞ்சம் கொறஞ்சுது, பரவால்ல. இன்னொரு தடவ எடுக்குறதா இருந்தா வெள்ள வேட்டிய பின்னாடி கட்டிட்டு எடுப்பேன், நரச்ச முடிக்கு வெள்ள ஓரம் தெரியவே தெரியாது.

வெட்டுனத எனக்கு அனுப்புறப்ப தம்பி ஒரு தப்பு பண்ணான், எல்லாரும் பண்ற தப்பு. வாட்ஸப்லயே போட்டோவா அனுப்பிட்டான். வாட்ஸப் போட்டோவ ஜேபெக்கா மாத்தி சுருக்கித்தான் அனுப்பும், ஜேபெக்ல டிரான்ஸ்பரன்ட்ன்ற விஷயமே கிடையாது, அதனால எனக்கு வந்து சேந்தப்ப 26லயும் ஆயாவுக்குப் பின்னாடி பளிச்சுனு வெள்ளக் கட்டம். மறுபடி டாகுமென்ட்டா அனுப்பச் சொன்னேன், பிஎன்ஜி அப்படியே வந்துச்சு. அனுப்புற முன்னாடி ஃபைல் பேரு கடைசில என்ன இருக்குன்னு பாத்தா போதும், ஜேபெக்னு இருந்தா அது ஸ்டிக்கருக்கு ஆகாது.

அடுத்தது எழுத்து. இங்கதான் ரொம்ப நாள் போச்சு, இதத்தான் நான் விவரமா சொல்லணும்.

26 படத்துக்கும் ஒவ்வொண்ணா எழுத்து வைக்க சோம்பலா இருந்துச்சு, பைத்தான்ல பில்லோன்ற பட லைப்ரரி வச்சு சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமா ஓட்டுனேன். படம் எல்லாம் வந்துச்சு, எழுத்த படிச்சா தமிழே இல்ல. "டேய்"ன்னு இருக்க வேண்டிய எடத்துல மொதல்ல ட, அதுக்கு அப்புறம் அந்த இரட்டக்கொம்பு தனியா வந்து யகரத்த புடிச்சுக்கிட்டு நிக்குது. "சாப்டுட்டியா"ல டு ஒரே எழுத்தா சேரவே இல்ல, ட தனி, உகரக் குறி தனி. நான் ஃபான்ட்தான் கெட்டுப்போச்சுன்னு மூணு ஃபான்ட் மாத்தி மாத்தி பாத்தேன், எல்லாத்துலயும் அதேதான்.

காரணம் ஃபான்ட் இல்ல. நாம டைப் பண்றப்ப யூனிகோட்ல மொதல்ல மெய், அப்புறம் உயிர்க்குறின்னுதான் சேமிக்கும், ட அப்புறம் ஏகாரக் குறி. படமா வரையுறப்பதான் கொம்ப தூக்கி முன்னாடி வைக்கணும், ட கூட உகரம் சேந்தா டுன்ற தனி வடிவத்த எடுக்கணும். இந்த வேலைய செய்ய தனியா ஒரு எஞ்சின் இருக்கணும், அது இல்லாத சாஃப்ட்வேர் சேமிச்ச வரிசைலயே ஒண்ணு ஒண்ணா வரஞ்சிட்டுப் போயிடும். இங்கிலீஷுக்கு அதுவே போதும், தமிழுக்குப் போதாது. பில்லோல அது இருக்கான்னு பாக்க ரெண்டு வரி:

```python
from PIL import features
print(features.check("raqm"))
```

என் விண்டோஸ் லேப்டாப்ல False வந்துச்சு, தம்பியோட உபுண்டுல True. அதே ஸ்கிரிப்ட அவன் மெஷின்ல ஓட்டுனதும் டேய் டேயாவே வந்துடுச்சு. போன்ல சில எடிட்டிங் ஆப்லயும் இதே கொளறுபடி வரும், அதனால எந்த ஆப் எடுத்தாலும் மொத வேலையா "கொடுமை" அப்படின்னு அடிச்சுப் பாருங்க, ஒகரக் கொம்பு, டு, ஐகாரம் மூணும் அதுல இருக்கு, அது ஒழுங்கா வந்தா மத்ததும் வரும்.

எழுத்து சரியாச்சு, ஆனா பாத்த சித்தி "என்னடா இது ரேஷன் கட நோட்டீஸ் மாதிரி இருக்கு"ன்னாங்க. நான் போட்டது நோட்டோ ஃபான்ட், சுத்தமா இருக்கும், திட்டுற மாதிரி இருக்காது. திருப்பாதிரிப்புலியூர்ல ஃபிளெக்ஸ் கடைல வேல பாக்குற பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட போனேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி பேனர்னு எல்லாத்துக்கும் போடுற தடியான சாஞ்ச எழுத்தெல்லாம் அவர்கிட்ட இருக்கு. பென்டிரைவ்ல பத்து ஃபான்ட் குடுத்தாரு, வீட்டுக்கு வந்து இன்ஸ்டால் பண்ணி போட்டா எழுத்து மாறவே இல்ல, பழைய படியே நிக்குது.

மறுநாள் அவரே சொன்னாரு, "தம்பி இதெல்லாம் பழைய ஃபான்ட், நீ யூனிகோட்ல அடிச்சா புடிக்காது". அந்த ஃபான்ட்ல எல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்குற எடத்துலதான் தமிழ் வடிவத்த வரஞ்சு வச்சிருக்காங்க, கீபோர்ட்ல ஒரு இங்கிலீஷ் எழுத்த தட்டுனா தமிழ் எழுத்து மாதிரி ஒரு படம் வரும், அவ்ளோதான். யூனிகோட் தமிழ்னு கம்ப்யூட்டர் தேடுற எடத்துல அதுல ஒண்ணுமே இல்ல, அதனால சத்தமில்லாம வேற ஃபான்ட்ல காட்டிடும். அவரு கோரல்டிராலயே 26 வசனத்தயும் அவங்க பழக்கத்துல அடிச்சு, கர்வ்ஸா மாத்தி, பேக்ரவுண்ட் இல்லாத பிஎன்ஜியா எடுத்துக் குடுத்தாரு. கர்வ்ஸா மாத்திட்டா அது எழுத்தே இல்ல, வெறும் கோடு, யார் மெஷின்ல தெறந்தாலும் ஒடையாது. ஒரே கொற, அப்புறம் ஒரு எழுத்துப் பிழை கண்டுபுடிச்சா அவர்கிட்டதான் திரும்பப் போகணும். போனேன், ரெண்டு தடவ. ஒரு வாட்டி காசு கூட வாங்கல, டீ மட்டும் வாங்கிக் குடுத்தேன்.

கலர் அவரு மொதல்ல கருப்பு வச்சிருந்தாரு. எங்க மாமாவுக்கு அழகா தெரிஞ்சுது, எனக்கு ஆயா மட்டும் தெரியுது வசனத்தக் காணோம், ஏன்னா நான் டார்க் மோட்ல இருக்கேன். ஸ்டிக்கருக்குப் பின்னாடி என்ன கலர் இருக்கும்னு செய்யுறவனுக்குத் தெரியவே தெரியாது, ஒருத்தர் வால்பேப்பர்ல முருகர் இருப்பாரு, இன்னொருத்தர் பேரன் போட்டோ வச்சிருப்பாரு. வாட்ஸப்பே சொல்ற வழி, உருவத்த சுத்தி 8 பிக்சல் வெள்ள அவுட்லைன் போடுறது. நாங்க எழுத்த மஞ்சளாக்கி கருப்பு ஓரம் குடுத்து, அதுக்கு வெளிய ஆயாவயும் எழுத்தயும் சேத்து மொத்தமா வெள்ள ஓரம் சுத்துனோம்.

இதுல வரிசை முக்கியம். நான் மொதல்ல பெரிய சைஸ் படத்துலயே 8 பிக்சல் போட்டுட்டு அப்புறம் சின்னதாக்குனேன், ஓரம் நூல் மாதிரி ஆயிடுச்சு. ஸ்டிக்கர் சரியா 512க்கு 512 பிக்சல்ல இருக்கணும், நாலு பக்கமும் 16 பிக்சல் காலியா விட்டா நல்லதுன்னு சொல்றாங்க, அப்ப படத்துக்கு கெடைக்கிறது 480. அதனால மொதல்ல 480க்குள்ள அடக்கி 512 சதுரத்துல நடுவுல வச்சுட்டு, அதுக்கு மேல ஜிம்ப்ல செலக்ஷன 8 பிக்சல் வளத்து அடில வெள்ள ஊத்துனா, அந்த காலி எடத்துலயே ஓரம் உக்காந்துக்கும். அடக்குறதுக்கு இமேஜ்மேஜிக்ல நான் போட்ட கட்டள இது:

```
magick aaya07.png -trim +repage -resize 480x480 -background none -gravity center -extent 512x512 aaya07_512.png
```

ஓரம் போட்ட அப்புறம் வாட்ஸப் கேக்குற வெப்பி ஃபைலா மாத்த:

```
cwebp -q 75 aaya07_512.png -o 07.webp
```

cwebpலயே -resize 512 512 குடுத்தா ஒரே வரில முடியுமேன்னு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன், அது படம் நீளமா இருந்தா அப்படியே சப்பையா அமுக்கி சதுரமாக்கிடும், ஆயா நின்னுட்டு எடுத்த படம் எல்லாம் பூசணிக்கா மாதிரி வந்துச்சு.

இப்ப பேக். போன்ல ஒரு ஸ்டிக்கர் ஆப் வழியா சேக்கப் பாத்தா வாட்ஸப்ல சேக்க முடியலன்னு ஒரே வரி, எந்த ஸ்டிக்கர், என்ன கொறைன்னு எதுவும் இல்ல. ஒரு சாயங்காலம் முழுக்க ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாத்தும் புரியல. அப்புறம்தான் வாட்ஸப்பே ஸ்டிக்கர் செய்யுறவங்களுக்குன்னு கிட்ஹப்ல சாம்பிள் ஆப் வச்சிருக்குன்னு தம்பி சொன்னான், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோல தெறந்து நம்ம படத்த போட்டு ஓட்டுனா எந்த ஃபைல்ல என்ன தப்புன்னு பேரோட சொல்லும். சொல்லிச்சு. ரெண்டு தப்பு.

ஒண்ணு எடை. அசையாத ஸ்டிக்கர் 100 கேபிக்குள்ள இருக்கணும், எங்க 19ஆவது அத தாண்டி இருந்துச்சு. அது மட்டும் ராத்திரி லைட் இல்லாம எடுத்த போட்டோ, பூரா புள்ளி புள்ளியா நாய்ஸ், அதத்தான் எப்படியாச்சும் நல்லா வரட்டும்னு தம்பி தரம் கொறையாம லாஸ்லெஸ்ல எடுத்து வச்சிருந்தான். நாய்ஸ்ன்றது ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்குறது, அத சுருக்க முடியாது, ஒவ்வொரு புள்ளியயும் தனியா சேமிக்கணும். மேல இருக்குற -q 75ல போட்டதும் பாதிக்கும் கீழ எறங்கிடுச்சு, சாட்ல அந்த சைஸுக்கு கண்ணுக்கு வித்தியாசமே தெரியல.

ரெண்டு, ஒண்ணு அசையுது. ஆயா கை தட்டுற மூணு செகண்ட் வீடியோவ வெப்பியா மாத்தி 26ஆவது போட்டோவுக்குப் பதிலா வச்சிருந்தோம். அசையுறதும் அசையாததும் ஒரே பேக்ல இருக்கக்கூடாது. சரி, அத தனி பேக்கா போடலாம்னா ஒரு பேக்ல கொறஞ்சது 3 இருக்கணும், அதிகபட்சம் 30. ஒரு கைதட்டுக்காக இன்னும் ரெண்டு வீடியோ எடுக்கணும். ஆயாகிட்ட போய் தலையில அடிச்சுக்கோன்னு ஒண்ணு, முறத்துல அரிசி பொடைக்கிறது ஒண்ணு எடுத்தோம், அந்த பொடைக்கிறதுதான் கடைசில எல்லாருக்கும் புடிச்சது. அசையுறதுக்கு 500 கேபி வரைக்கும் விடுறாங்க, 10 செகண்டுக்கு மேல போகக்கூடாது. வீடியோவுல பேக்ரவுண்ட் வெட்டுற பொறும எங்களுக்கு இல்ல, சதுரமா சுவரோடதான் இருக்கு.

25 ஸ்டிக்கரோட பேக் ஏறிடுச்சு, அந்த சாம்பிள் ஆப்பயே குடும்பத்துல ஆண்ட்ராய்டு வச்சிருக்குறவங்களுக்கு எல்லாம் அனுப்பினேன். மறுநாளே பெரிய மாமா ஒரு பிழை கண்டுபுடிச்சாரு, "திங்கிறதுக்கு"ல ஒத்து உட்டுப்போச்சு. திருத்தி, புது ஆப் அனுப்பி, எல்லாரும் மறுபடி இன்ஸ்டால் பண்ணியும் பழசே வருது. அந்த ஆப்போட contents.json ஃபைல்ல image_data_version அப்படின்னு ஒரு எண் இருக்கு, படம் மாறுனா அதயும் மாத்தணும், அது மாறலன்னா வாட்ஸப் தான் எடுத்து வச்சிருக்குற பழைய படத்தயே காட்டிட்டு இருக்கும். 1ன்னு இருந்தத 2 ஆக்குனதும் புதுசு வந்துச்சு.

```
"image_data_version": "2",
```

ஐபோன் வச்சிருக்குற அத்தைக்கும் புதுச்சேரி சித்தப்பாவுக்கும் இந்த ஆப் ஏறாது. அவங்க குரூப்ல வந்த ஸ்டிக்கர ஒவ்வொண்ணா தொட்டு ஃபேவரிட்ல சேத்துக்கிட்டாங்க. அவங்களுக்காகத்தான் தம்பி அதே படத்த டெலிகிராம்ல ஏத்துனான், அங்க @Stickers ன்ற தானா பதில் சொல்ற கணக்குக்கு /newpack அனுப்பி ஃபைல ஒவ்வொண்ணா குடுத்தா போதும், ஒரு பக்கம் சரியா 512 இருந்தா இன்னொரு பக்கம் கொறஞ்சாலும் ஏத்துக்கும். கடைசில t.me/addstickers/ன்னு ஆரம்பிக்கிற ஒரு லிங்க் தரும், அத தட்டுனா ஐபோனோ ஆண்ட்ராய்டோ மொத்த பேக்கும் வந்துடும். பிழை திருத்துனா எல்லார்கிட்டயும் தானா மாறிடும், வெர்ஷன் எண் தொல்ல இல்ல.

அங்க கஸ்டம் எமோஜியும் பண்ணலாம், 2022 ஆகஸ்ட்ல வந்தது. அளவு வெறும் 100க்கு 100, வரிக்கு நடுவுல ஒரு எழுத்து அளவுக்குத்தான் தெரியும், அதனால வசனமே வைக்க முடியாது. ஆயா மொறைக்கிற மூஞ்சிய மட்டும், காதோட வெட்டி, ஆறு பண்ணோம். அனுப்புறதுக்கு பிரீமியம் வேணும், பாக்குறது யார் வேணா பாக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் சாதாரண எமோஜி ஒண்ண சேத்துக் குடுக்கணும், ஏன்னா நம்ம எமோஜிக்கு யூனிகோட்ல எடம் கிடையாது, மெசேஜ்குள்ள உண்மைல இருக்குறது அந்த சாதாரண எமோஜிதான், அதுக்கு மேலதான் ஆயா மூஞ்சிய ஒட்டிக் காட்டுது. சித்தப்பா அத காப்பி பண்ணி எஸ்எம்எஸ்ல போட்டாரு, ஆயா போயி 😠 மட்டும் வந்துச்சு, ஆயாவக் காணோம்னு போன் பண்ணாரு.

மார்ச்ல நடந்ததுதான் எனக்கு இன்னும் மனசுல கெடக்கு. மாமா வேல பாக்குற எடத்து குரூப்ல, அவருக்கே சரியா தெரியாத ஒருத்தரு "போடா எரும" ஸ்டிக்கர போட்டிருக்காரு. மாமா எடுத்து எனக்குக் காட்டுனாரு. ஸ்டிக்கர தொட்டா கீழ "மஞ்சக்குப்பம் ஆயா", அதுக்குப் பக்கத்துல என் முழு பேரு. பேக் பேரும் யாரு செஞ்சதுன்றதும் ஒவ்வொரு வெப்பி ஃபைலுக்குள்ளயும் எழுதித்தான் வாட்ஸப் அனுப்புது, ஸ்டிக்கர் எத்தன கை மாறுனாலும் அது கூடவே போகும். நான் contents.jsonல யோசிக்காம போட்ட ரெண்டு வரி, ஊரயும் என்னயும் ஆயாவயும் சேத்து எங்க எங்கயோ கொண்டு போயிட்டு இருந்துச்சு.

ஆயாகிட்ட உக்காந்து சொன்னேன். போன்ல ஒவ்வொண்ணா காட்டச் சொல்லிச்சு, ஒவ்வொண்ணயும் கண்ணாடி போட்டு பாத்துச்சு. "திட்டுறது எல்லாம் இருக்கட்டும், நான் அப்படித்தான் பேசுவேன், யாருக்கு வேணா காட்டு. பல்லு செட்டு கழட்டி வச்சிருக்கயில எடுத்திருக்கியே, அத மட்டும் எடுத்துடு." 11ஆவது. நாங்க அதத்தான் ரொம்ப சிரிச்சு சிரிச்சு அனுப்பிட்டு இருந்தோம், அதுகிட்ட கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

டெலிகிராம்ல 11ஆவத பேக்ல இருந்து எடுக்க ஒரு நிமிஷம். வாட்ஸப்ல image_data_version 3 ஆக்கி, பேரு வெறும் "ஆயா"ன்னும் செஞ்சவர் எடத்துல "குடும்பம்"னும் மாத்தி 24 ஸ்டிக்கரோட புது ஆப் அனுப்பினேன், போட்டுக்கிட்டவங்ககிட்ட மாறிடுச்சு. ஆனா முன்னாடியே ஃபேவரிட்ல சேத்தவங்ககிட்ட அது தனி ஃபைலா உக்காந்திருக்கு, பழைய பேரோட, அத இங்க இருந்து தொட வழியே இல்ல. குடும்பத்துல ஒவ்வொருத்தர் போனா வாங்கி நானே ஃபேவரிட்ல இருந்து எடுத்தேன், பதினாலு போன், அத்தைக்கு வீடியோ கால்ல சொல்லிக் குடுத்தேன். மாமாவோட ஆபீஸ் குரூப்ல போன மாசமும் 11ஆவது ஒரு தடவ வந்துச்சாம்.